விகிதச் சோதனை: விகிதம் ஒன்றுக்குக் கீழே இருந்தால் மட்டும் போதாது

அக்கா மகன் தேசிய சேவை முடித்துவிட்டு இப்போது பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படிக்கிறான். சனிக்கிழமை சாயங்காலங்களில் ஈசூனில் உள்ள எங்கள் வீட்டுக்கு கால்குலஸ் டுட்டோரியல் தாள்களோடு வருவான். போன வாரம் அவன் நீட்டிய தாளில் ஒரு விடையின் குறுக்கே சிவப்புக் கோடு விழுந்திருந்தது.

"மாமா, விகிதம் ஒண்ணவிட சின்னதுதானே? பிறகு ஏன் தப்புனு போட்டிருக்காங்க?"

கேள்வி இதுதான்: 1 + 1/2 + 1/3 + 1/4 + … என்ற தொடர் குவியுமா, விரியுமா? அவன் எழுதியிருந்தது:

```
a_n = 1/n
a_(n+1) / a_n = n/(n+1) < 1
```

ஆகவே குவியும் என்று முடித்திருந்தான். கால்குலேட்டரில் n = 500 போட்டும் பார்த்திருக்கிறான். 0.998 வந்திருக்கிறது. ஒன்றைவிடச் சின்னதுதான். ஆனால் இந்தத் தொடர் விரியும். உறுப்புகளைக் கூட்டிக்கொண்டே போனால் எந்த எண்ணைச் சொன்னாலும் அதைத் தாண்டிவிடும்.

விகிதச் சோதனையில் நான் பார்த்த தவறுகளிலேயே அதிகம் வருவது இதுதான். சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்களும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் அன்று சூத்திரத்தைத் தள்ளி வைத்துவிட்டு, இந்தச் சோதனை எதை எதோடு ஒப்பிடுகிறது என்பதிலிருந்து தொடங்கினோம். அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

எதோடு ஒப்பிடுகிறோம்

தொடக்கக் கல்லூரியில் படித்தவர்கள் எல்லாருக்கும் பெருக்குத் தொடர் தெரியும். முதல் உறுப்பு a, அடுத்தடுத்த உறுப்பு ஒவ்வொன்றும் முந்தையதை r ஆல் பெருக்கி வருவது. r இன் அளவு ஒன்றுக்குள் இருந்தால் முடிவிலி வரை கூட்டினாலும் கூடுதல் a/(1 − r) என்று நின்றுவிடும். அங்கே விகிதம் மாறுவதே இல்லை. எந்த இரண்டு பக்கத்துப் பக்கத்து உறுப்புகளை எடுத்தாலும் அதே r தான்.

மற்ற தொடர்களில் விகிதம் இடத்துக்கு இடம் மாறும். இதை எடுத்துக்கொள்வோம்:

```
1/2 + 4/4 + 9/8 + 16/16 + 25/32 + ...
a_n = n^2 / 2^n
```

முதல் உறுப்பு 0.5, இரண்டாவது 1, மூன்றாவது 1.125, நான்காவது 1, ஐந்தாவது 0.78125. முதலில் ஏறி, பிறகு இறங்குகிறது. விகிதங்களைப் பார்த்தால் 2, 1.125, 0.889, 0.781 என்று போகின்றன. பெருக்குத் தொடர் இல்லைதான். ஆனால் விகிதம் ஏதோ ஒரு எண்ணை நோக்கி இறங்குகிறது. எந்த எண் என்று கணக்கிடலாம்:

```
a_(n+1) / a_n = (1/2) * ((n+1)/n)^2
```

n பெரிதாகப் பெரிதாக (n+1)/n ஒன்றை நெருங்கும். ஆக விகிதம் 1/2 ஐ நெருங்கும். இந்த எல்லை மதிப்பைத்தான் L என்கிறோம். இங்கே L = 1/2.

இனிதான் முக்கியமான இடம். L = 1/2 என்பதால், 1/2க்கும் 1க்கும் நடுவில் ஒரு எண்ணைச் சுவர் மாதிரி நிறுத்த முடியும். 0.8 என்று வைத்துக்கொள்வோம். நான்காவது உறுப்பிலிருந்து விகிதம் 0.781, பிறகு இன்னும் குறைவு. அதற்குப் பிறகு அது 0.8ஐத் தாண்டவே தாண்டாது. a₄ = 1. எனவே a₅ அதிகபட்சம் 0.8, a₆ அதிகபட்சம் 0.64, a₇ அதிகபட்சம் 0.512. நான்காவது உறுப்பிலிருந்து தொடரின் மிச்சம் முழுவதும் 1, 0.8, 0.64, … என்ற பெருக்குத் தொடருக்குக் கீழே அடங்கிவிடுகிறது. அந்தப் பெருக்குத் தொடரின் கூடுதல் 1/(1 − 0.8) = 5. நம் தொடரின் மிச்சம் 5ஐத் தாண்டாது, ஆகவே குவியும். (உண்மையில் மிச்சம் 3.375தான். முழுத் தொடரின் கூடுதல் 6.)

ஆரம்பத்தில் விகிதம் 2 ஆகவும் 1.125 ஆகவும் இருந்தது நம்மைத் தொந்தரவு செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். தொடக்கத்தில் உள்ள சில உறுப்புகள் எப்படி இருந்தாலும் அவற்றின் கூடுதல் ஒரு சாதாரண எண்தான். குவிவதும் விரிவதும் வால் பகுதியின் கையில் இருக்கிறது.

இப்போது மருமகனின் 1/n தொடருக்கு வருவோம். அதற்கு இப்படி ஒரு சுவர் வைக்க முடியுமா? 0.99 என்று வைத்தால், n = 100 இல் விகிதம் 100/101, அது 0.99ஐத் தாண்டிவிடுகிறது. 0.999 என்று வைத்தால் n = 1000 இல் தாண்டுகிறது. ஒன்றுக்குக் கீழே எங்கே சுவர் வைத்தாலும் விகிதம் ஒரு நாள் அதைத் தாண்டும். எல்லா விகிதமும் ஒன்றுக்குக் கீழே இருக்கிறது என்பது உண்மை. ஆனால் ஒன்றுக்கும் விகிதங்களுக்கும் நடுவில் இடைவெளி இல்லை. இடைவெளி இல்லாததால் ஒப்பிட்டுப் பார்க்கப் பெருக்குத் தொடரும் கிடைக்கவில்லை.

இதைப் பார்த்ததும் அவன், "அப்போ லிமிட்தான் கேக்குறாங்க, ரேஷியோவை இல்ல" என்றான். அதுதான். சோதனை இப்படிச் சொல்கிறது: அடுத்தடுத்த உறுப்புகளின் விகிதத்தின் தனி மதிப்பு, n முடிவிலியை நோக்கிப் போகும்போது L ஐ நெருங்கினால், L < 1 எனில் தொடர் குவியும்; L > 1 எனில், அல்லது விகிதம் எல்லையில்லாமல் பெருகினால், விரியும்; L = 1 எனில் இந்தச் சோதனையிலிருந்து எந்தப் பதிலும் கிடைக்காது. பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கணித அறிஞர் தலாம்பேரின் பெயரால் இதைப் பல நாடுகளில் அழைக்கிறார்கள்.

L > 1 ஆகும்போது ஏன் விரிகிறது என்பதற்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஒரு கட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு உறுப்பும் முந்தையதைவிடப் பெரிதாகிறது. உறுப்புகளே சுழியை நெருங்கவில்லை என்றால் கூடுதல் நிற்காது.

தாளில் எழுதும் முறை

படிகள் நான்குதான். ஆனால் இரண்டாவது படியில்தான் மதிப்பெண் போகிறது.

முதலில் பொது உறுப்பு a_n ஐத் தெளிவாக எழுத வேண்டும். இரண்டாவது, அதில் n இருக்கும் ஒவ்வொரு இடத்திலும் (n+1) என்று அடைப்புக்குறியோடு போட்டு a_(n+1) ஐ எழுத வேண்டும். மூன்றாவது, வகுத்து, தனி மதிப்பு எடுத்து, முடிந்த அளவு சுருக்க வேண்டும். நான்காவது, எல்லை எடுத்து L ஐ ஒன்றோடு ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது படியில் என்ன தப்பு நடக்கும் என்பதற்கு இந்தத் தொடரைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது:

```
a_n = (n!)^2 / (2n)!
```

இங்கே n! என்பது காரணீயப் பெருக்கம், 1 முதல் n வரை எல்லாவற்றையும் பெருக்கியது. அவசரத்தில் எழுதுகிறவர்கள் (2n)! இன் அடுத்தது (2n+1)! என்று எழுதிவிடுவார்கள். n க்குப் பதில் (n+1) போட்டால் 2(n+1), அதாவது 2n+2. ஆகவே அடுத்தது (2n+2)!. இரண்டு படி ஏறுகிறது.

சரியாக எழுதினால்:

```
a_(n+1)     ((n+1)!)^2     (2n)!
------- =  ----------- * --------
  a_n       (2n+2)!       (n!)^2

        =  (n+1)^2 / ((2n+2)(2n+1))

        =  (n+1) / (2(2n+1))
```

சுருக்கும்போது நினைவில் வைக்க வேண்டியது (n+1)! = (n+1) × n! என்பதும், (2n+2)! = (2n+2)(2n+1) × (2n)! என்பதும்தான். கடைசி வரியில் மேலேயும் கீழேயும் n ஆல் வகுத்தால் எல்லை 1/4. L = 1/4 < 1, தொடர் குவியும்.

தவறாக (2n+1)! என்று எழுதியிருந்தால் விகிதம் (n+1)²/(2n+1) என்று வரும். அது எல்லையில்லாமல் பெருகும். ‘விரியும்’ என்று நேர் எதிரான முடிவு. ஒரே ஒரு காரணி விட்டுப்போனதற்கு இந்த விலை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது, ஒரு நிமிடம்கூட ஆகாது. முதல் சில உறுப்புகளை நேரடியாகக் கணக்கிடுங்கள். n = 1 க்கு 1/2, n = 2 க்கு 4/24 = 1/6, n = 3 க்கு 36/720 = 1/20. ஆக முதல் விகிதம் 1/6 ÷ 1/2 = 1/3, அடுத்தது 3/10. இப்போது சுருக்கிய சூத்திரத்தில் n = 1 போட்டுப் பாருங்கள்: 2/(2 × 3) = 1/3. n = 2: 3/(2 × 5) = 3/10. பொருந்துகிறது. தவறான சூத்திரத்தில் n = 1 போட்டால் 4/3 வரும், உடனே மாட்டிக்கொள்ளும். எல்லை எடுப்பதற்கு முன் இந்தச் சரிபார்ப்பைச் செய்யச் சொல்லி என்னிடம் படித்த எல்லாரிடமும் வலியுறுத்தி வந்திருக்கிறேன். எல்லை எடுத்த பிறகு தவறைத் தேடுவது கஷ்டம். அதற்கு முன் என்றால் இரண்டு எண்களை ஒப்பிடும் வேலைதான்.

இன்னொன்று, தனி மதிப்பு. தொடரில் கூட்டலும் கழித்தலும் மாறி மாறி வந்தாலோ, உறுப்பில் x இருந்தாலோ, தனி மதிப்பு எடுக்காமல் விகிதம் எழுதக் கூடாது. விகிதம் −3 என்று வந்தால் அது ஒன்றைவிடச் சிறியதுதான், ஆனால் தொடர் பெரிதாக விரிகிறது. தனி மதிப்பு எடுத்து L < 1 என்று வந்தால் கிடைக்கும் முடிவும் வலுவானது. எல்லாக் குறிகளையும் நேராக்கினாலும் தொடர் குவியும் என்று அதற்குப் பொருள்.

L = 1 வந்தால்

1/n தொடருக்கு L = 1, அது விரிகிறது. 1/n² தொடரை எடுங்கள்: விகிதம் (n/(n+1))², எல்லை 1. ஆனால் அது குவிகிறது. கூடுதல் π²/6 என்று ஆய்லர் கண்டுபிடித்தார். இரண்டுக்கும் L ஒன்றுதான், முடிவு வேறு. ஆகவே L = 1 என்று வந்த தாளில் ‘குவியும்’ என்று எழுதினாலும் ‘விரியும்’ என்று எழுதினாலும் தவறு. ‘இந்தச் சோதனையால் முடிவு இல்லை’ என்று எழுதிவிட்டு வேறு வழிக்குப் போக வேண்டும்.

இது எப்போது நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். n இன் அடுக்குகள் எதுவானாலும், அது n ஆகட்டும், n¹⁰⁰ ஆகட்டும், √n ஆகட்டும், விகிதத்தில் (n+1)/n இன் ஏதோ ஒரு அடுக்காக மாறி ஒன்றுக்குப் போய்விடும். விகிதச் சோதனையின் கண்ணுக்கு அவை தெரியாது. அதன் கண்ணுக்குத் தெரிபவை 2ⁿ, 3ⁿ, xⁿ போன்றவையும் காரணீயப் பெருக்கங்களும்தான். எனவே கேள்வியில் n இன் அடுக்குகள் மட்டும் இருந்தால் இந்தச் சோதனையைத் தொடங்கவே வேண்டாம், 1/nᵖ தொடரோடு ஒப்பிடுங்கள். p ஒன்றுக்கு மேல் என்றால் குவியும், இல்லையென்றால் விரியும். காரணீயப் பெருக்கமோ n-ஆம் அடுக்கோ கண்ணில் பட்டால் முதலில் விகிதச் சோதனைக்குப் போங்கள்.

கால்குலேட்டரும் இங்கே உதவாது. n = 500 இல் 0.998 என்று திரை காட்டினால், அது 0.998ஐ நோக்கிப் போகிறதா, ஒன்றை நோக்கிப் போகிறதா என்று திரை சொல்லாது. எல்லையைக் கையால்தான் எடுக்க வேண்டும்.

எல்லையே இல்லாமல் போவதும் உண்டு. 1/4 + 1/2 + 1/16 + 1/8 + 1/64 + 1/32 + … என்ற தொடரில் விகிதங்கள் 2, 1/8, 2, 1/8 என்று மாறி மாறி வருகின்றன. எதையும் நெருங்கவில்லை. ஆனால் உற்றுப் பார்த்தால் இது 1/2 + 1/4 + 1/8 + 1/16 + … என்ற பெருக்குத் தொடர்தான், பக்கத்துப் பக்கத்து உறுப்புகள் இடம் மாறி நிற்கின்றன. கூடுதல் 1. பாதி விகிதங்கள் 2 ஆக இருந்தும் தொடர் குவிகிறது. விகிதம் சில இடங்களில் ஒன்றைத் தாண்டுகிறது என்பதை வைத்து விரியும் என்று எழுதுவதும், மருமகன் செய்த தவறின் மறுபக்கம்தான்.

சூத்திரப் பட்டியலில் இருக்கும் அந்தக் குறி

தொடக்கக் கல்லூரியில் தேர்வுக்குத் தரும் சூத்திரப் பட்டியலில் மெக்லாரின் தொடர்கள் இருக்கும். eˣ க்குப் பக்கத்தில் ‘எல்லா x க்கும்’ என்று போட்டிருக்கும். ln(1+x) க்குப் பக்கத்தில் −1 < x ≤ 1 என்று இருக்கும். ஒரு பக்கம் சமக்குறி இல்லை, மறுபக்கம் இருக்கிறது. இரண்டு வருடம் அதைப் பார்த்து எழுதிய மருமகன், ஏன் அப்படி என்று கேட்டதில்லை. விகிதச் சோதனையின் உண்மையான வேலை இங்கேதான் தெரிகிறது, ஆகவே நிதானமாகப் பார்ப்போம்.

eˣ க்கு a_n = xⁿ/n!. விகிதத்தின் தனி மதிப்பு |x|/(n+1). x எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அது ஒரு நிலையான எண். கீழே n+1 ஏறிக்கொண்டே போகிறது. L = 0. எந்த x க்கும் 0 < 1. அதனால்தான் எல்லா x க்கும் என்று இருக்கிறது.

ln(1+x) க்கு:

```
x - x^2/2 + x^3/3 - x^4/4 + ...

|a_(n+1) / a_n| = |x| * n/(n+1)  →  |x|
```

L = |x|. ஆக |x| < 1 எனில் குவியும், |x| > 1 எனில் விரியும். சோதனை அதோடு ஒதுங்கிக்கொள்கிறது. x = 1, x = −1 இரண்டிலும் L = 1. இந்த இரண்டு முனைகளையும் தனித்தனியாக, வேறு வழியில் பார்க்க வேண்டும். x = 1 போட்டால் 1 − 1/2 + 1/3 − 1/4 + …. குறிகள் மாறி மாறி வருகின்றன, உறுப்புகளின் அளவு குறைந்துகொண்டே சுழிக்குப் போகிறது, ஆகவே குவியும். x = −1 போட்டால் −(1 + 1/2 + 1/3 + …). மருமகனின் தாளில் இருந்த அதே தொடர், குறி மட்டும் மாறியிருக்கிறது. விரியும். அதனால் 1 பக்கம் சமக்குறி உண்டு, −1 பக்கம் இல்லை.

நடுப்புள்ளி சுழியாக இல்லாதபோது என்ன ஆகும் என்று காட்ட, அன்று அவனிடம் கொடுத்த கணக்கு இது:

```
a_n = (x - 2)^n / (n * 3^n)
```

விகிதத்தின் தனி மதிப்பு (|x − 2|/3) × n/(n+1). L = |x − 2|/3. இது ஒன்றுக்குள் இருக்க |x − 2| < 3, அதாவது −1 < x < 5. இந்த 3தான் குவிதல் ஆரம். முனைகளுக்குப் போனால், x = 5 இல் 3ⁿ மேலும் கீழும் அடிபட்டு 1/n மிஞ்சும், விரியும். x = −1 இல் (−1)ⁿ/n மிஞ்சும், குவியும். விடை −1 ≤ x < 5.

அவன் முதலில் எழுதிய விடை −1 < x < 5. எல்லை சரி, ஆரம் சரி, முனைகளை மட்டும் பார்க்கவில்லை. ‘குவிதல் ஆரம் என்ன’ என்று கேட்டால் 3 என்று எழுதி முடித்துவிடலாம். ‘எந்த x க்கு எல்லாம் குவியும்’ என்று கேட்டால் முனைகள் இரண்டையும் தொட்டாக வேண்டும். கேள்வியின் சொற்களை ஒரு முறை திரும்பப் படிப்பது இங்கே பலன் தரும்.

L இன் இன்னொரு பயன்: எத்தனை உறுப்புகள் போதும்

பாடத்தில் பெரும்பாலும் குவியும் அல்லது விரியும் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது குறையாகவே படும். L எவ்வளவு என்பது தொடர் எவ்வளவு வேகமாகக் குவிகிறது என்றும் சொல்கிறது. தொடரைப் பாதியில் நிறுத்தினால் எவ்வளவு பிழை என்பதையும் அதே பெருக்குத் தொடர் ஒப்பீட்டிலிருந்து எடுக்கலாம்.

n²/2ⁿ தொடரில் 10 உறுப்புகள் கூட்டி நிறுத்துகிறோம் என்று வைப்போம். விட்டுப்போன முதல் உறுப்பு a₁₁ = 121/2048, ஏறத்தாழ 0.0591. அந்த இடத்தில் விகிதம் (1/2)(12/11)², ஏறத்தாழ 0.595. இதற்குப் பிறகு விகிதம் குறையத்தான் செய்யும். ஆகவே விட்டுப்போன எல்லாவற்றின் கூடுதலும் 0.0591/(1 − 0.595), அதாவது 0.146க்கு மேல் போகாது. உண்மையில் விட்டுப்போனது 0.1426. கணிப்பு எவ்வளவு அருகில் வருகிறது பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. விகிதம் மேலிருந்து L ஐ நோக்கி இறங்கினால், நிறுத்திய இடத்து விகிதத்தைப் போட வேண்டும், L ஐப் போடக் கூடாது. மேலே L = 0.5 என்று போட்டிருந்தால் 0.118 வந்திருக்கும், உண்மையான பிழையைவிடக் குறைவு. விகிதம் கீழிருந்து L ஐ நோக்கி ஏறினால், L ஐயே போட வேண்டும். எது பெரியதோ அதுதான் பாதுகாப்பு.

இதை வைத்து ln 2 ஐக் கணக்கிட்டோம். ln(1+x) தொடரில் x = 1 போட்டால் ln 2 கிடைக்கும், ஆனால் அங்கே L = 1. பத்து உறுப்புகள் கூட்டினால் 0.6456. சரியான மதிப்பு 0.6931. முதல் தசம இலக்கம் மட்டும்தான் சரி. அதே தொடரில் x = −1/2 போடுங்கள். ln(1/2) = −ln 2 என்பதால்:

```
ln 2 = 1/2 + 1/(2*4) + 1/(3*8) + 1/(4*16) + ...
a_n = 1 / (n * 2^n)
```

விகிதம் n/(2(n+1)), கீழிருந்து ஏறி 1/2க்குப் போகிறது. பத்து உறுப்புகளின் கூடுதல் 0.69306. பிழை a₁₁/(1 − 1/2) = 1/11264, அதாவது 0.00009க்குள். அதே பத்து உறுப்புகள், அதே சூத்திரம். x ஐ முனையிலிருந்து உள்ளே இழுத்ததால் L ஒன்றிலிருந்து பாதியாக இறங்கியது, அவ்வளவுதான்.

இதே வழியில் 600 ஆண்டுகளுக்கு முன் கேரளத்தில் சங்கமகிராமத்து மாதவர் π ஐக் கணக்கிட்டிருக்கிறார் என்று சொன்னதும் மருமகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். π/4 = 1 − 1/3 + 1/5 − 1/7 + … என்ற தொடர் அவருக்குத் தெரியும். ஆனால் அதன் விகிதம் ஒன்றுக்குப் போகிறது. π ஐ மூன்று தசம இடங்களுக்குச் சரியாகப் பெறவே ஏறத்தாழ 2000 உறுப்புகள் கூட்ட வேண்டும். ஒரு கோணத்தை அதன் டேன் மதிப்பைக் கொண்டு எழுதும் தொடரில், அந்த மதிப்பு 1 ஆகும் இடத்தில் கிடைப்பது அது. மதிப்பை 1/√3 ஆக்கினால் இப்படி வரும்:

```
π = √12 * (1 - 1/(3*3) + 1/(5*9) - 1/(7*27) + ...)
```

இதன் விகிதத்தின் தனி மதிப்பு, n சுழியிலிருந்து தொடங்கினால், (2n+1)/(3(2n+3)). எல்லை 1/3. ஒவ்வொரு உறுப்பும் முந்தையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. குறி மாறி மாறி வருவதால் பிழை விட்டுப்போன முதல் உறுப்பைத் தாண்டாது. 21 உறுப்புகளில் நிறுத்தினால் அடுத்த உறுப்பு √12/(43 × 3²¹). மருமகன் கால்குலேட்டரில் போட்டான். 0.0000000000077 வந்தது. மாதவர் பெற்ற மதிப்பு 3.14159265359.